அடுக்கு கேரியரில் அடி டப்பா மட்டும்

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள், கம்பெனி வேன் பிடித்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிறவர்கள் என்று பாதிப்பேர் கையில் அடுக்கு கேரியர் இருக்கும். அடி டப்பாவில் சோறு, நடுவில் சாம்பாரோ கூட்டோ, மேலே பொரியல். தயிருக்குத் தனியாக ஒரு சின்ன டப்பா. இதைக் கட்டிக் கொடுத்தவர் சத்துணவுப் பாடம் எதுவும் படித்திருக்க மாட்டார். ஆனால் தானியம், பருப்பு, காய், பால் நான்கும் அதில் வந்துவிடுகின்றன.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலேயே தொலைந்துபோவது இந்த மேலடுக்குகள்தான். அடி டப்பா மட்டும் கூடவே வரும். ஜெர்மனியில், கெம்னிட்ஸ் நகரத்தில், நான் இருந்த வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்த கும்மிடிப்பூண்டித் தம்பி அதற்கு நல்ல உதாரணம். கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயர் மாற்றி வைத்து, 1990-ல் பழைய பெயருக்கே திரும்பிய ஊர் அது. வாடகை குறைவு என்பதால் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே உண்டு. மூன்று அறை, ஒரு சமையலறை, ஒரு குளிர்சாதனப் பெட்டி. பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. தம்பியின் தட்டில் ஊறுகாய் பாட்டிலும் பாதி பீட்சாவும் இருந்தன. அலமாரியில் பத்துக் கிலோ அரிசி மூட்டையும் நூடுல்ஸ் பெட்டியும்.

"அண்ணா, காசு பத்தலண்ணா. இனிமே ராத்திரி மட்டும் சாப்பிடலாம்னு இருக்கேன்" என்றான் ஒரு நாள்.

காசு பத்தவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் ரசீது கேட்பேன். நல்லவேளையாக அவன் ரசீதுகளைக் கோட்டுப் பையிலேயே திணித்து வைத்திருந்தான். மேஜையில் பரப்பி நான்கு வாரக் கணக்கைக் கூட்டினோம். டோனர் ரொட்டி ஏழு தடவை, 49 யூரோ. வீட்டுக்கு வரவழைத்த பீட்சா இரண்டு தடவை, 26. நூடுல்ஸ் 14. கூல்டிரிங்க்ஸும் சிப்ஸும் 23. ஆசியக் கடையில் அரிசி, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் பரோட்டா 38. எல்லாவற்றுக்கும் கீழே துவரம்பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு என்று சேர்த்து 9 யூரோ. மொத்தம் 159. பருப்புப் பாக்கெட்டை இன்னும் பிரிக்கவே இல்லை.

ஜெர்மனி விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ போட வேண்டும் என்பதும், அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும் என்பதும் 2025 நிலவரம். இதில் வாடகை போகும். மாணவர் மருத்துவக் காப்பீடு 140 யூரோவுக்கு மேல் போகும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு 18.36 யூரோ என்பதால் மூன்று பேர் பங்கிட்டால் ஆறு யூரோ சொச்சம். செமஸ்டர் கட்டணத்துக்கு மாதாமாதம் ஒதுக்க வேண்டும். முடக்கக் கணக்கில் போட்ட பணமே பல வீடுகளில் வங்கிக் கடன். அப்பா ஊரில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதால் பிள்ளை அங்கே மிச்சம் பிடித்து அனுப்பப் பார்க்கிறான். தம்பி சாப்பாட்டுக்கு என்று ஒதுக்கியது மாதம் 120 யூரோ. அது போதும். போதாமல் போனது அவன் வாங்கிய வரிசையால்.

எதை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதற்கு நான் கையில் வைத்துக்கொள்ளும் அளவு, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் உள்ளது. நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு, சமைப்பதற்கு முந்தைய எடையில், தானியம் சுமார் 250 கிராம், பருப்பு 85, காய்கறியும் கீரையும் 400, பழம் 100, பால் 300 மில்லி, கடலை போன்ற கொட்டைகள் 35, எண்ணெய் 27 கிராம். இதை நம் வீட்டு டம்ளரில் சொல்கிறேன். 200 மில்லி எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் தலைதட்டி அரிசியோ பருப்போ போட்டால் சுமார் 170 கிராம் பிடிக்கும். அப்படியென்றால் ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒன்றரை டம்ளர் அரிசி, அரை டம்ளர் பருப்பு. அந்த டம்ளர் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள். அங்கே தராசு தேட வேண்டியதில்லை.

தம்பி அதே டம்ளரால் தன் ஒரு நாளை அளந்து பார்த்தான். அரிசி இரண்டரை டம்ளர். பருப்பு என்று சொல்ல, இட்லிப்பொடியில் இருந்த கடலைப்பருப்பும் உளுந்தும்தான். காய் என்றால் ஒரு வெங்காயம். பால் டீயில் மட்டும். வயிறு நிறைகிறது, ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு வகுப்பில் கண் சொக்குகிறது, ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பப் பசிக்கிறது, அப்போது சிப்ஸ். அந்த 23 யூரோ எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே புரிந்தது. பருப்பும் காயும் இல்லாத தட்டு ஒரு வேளையைத் தாங்காது. தாங்காத நேரத்துக்கு வாங்குவதுதான் விலை அதிகமான சாப்பாடு.

அதனால் வாரக் காசில் முதலில் பருப்பு வாங்குங்கள். அடுத்தது காய். மூன்றாவது பாலும் முட்டையும். அரிசி, ரொட்டி, உருளைக்கிழங்கு கடைசி. அரிசியைக் கடைசியில் வைப்பது அது மட்டம் என்பதால் இல்லை. அதை வாங்க யாரும் மறக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

பருப்பில் நம்மவர்கள் செய்யும் தவறு, துவரம்பருப்பையே தேடி ஆசியக் கடைக்கு ஓடுவது. அங்கே அதற்குக் கப்பல் கூலி சேர்த்துத்தான் விலை. பக்கத்திலேயே ஆல்டி, லிடில், பென்னி, நெட்டோ போன்ற மலிவு விலைக் கடைகளில் 'ரோட்ட லின்சன்' என்று அரைக்கிலோப் பாக்கெட் ஒன்றரை யூரோ சுற்றில் கிடைக்கும். சிவப்பாக, சின்னதாக இருக்கும். நம் மைசூர் பருப்புதான் அது. எனக்கு இதைச் சொன்னவர் ஆசியக் கடையில் எனக்கு முன்னால் வரிசையில் நின்ற யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். "மைசூர்ப் பருப்பு இருக்கேக்க ஏன் தம்பி விலை கூடினதைத் தேடுறீங்கள்?" என்றார். இலங்கையில் தினப்படிப் பருப்புக் கறியே அதில்தான். வேகவைத்துத் தேங்காய்ப்பால் விட்டு இறக்குவார்கள்.

இதற்குக் குக்கர் வேண்டாம். மூன்று முறை கழுவி, ஒரு டம்ளருக்கு மூன்றரை டம்ளர் தண்ணீர் வைத்து, மஞ்சள்தூள் போட்டுத் திறந்த பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். முதலில் பொங்கும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டால் அடுப்பில் வழியாது. பதினைந்து நிமிடத்தில் குழைந்துவிடும். சாம்பாராக்கும்போதுதான் கவனம். துவரம்பருப்புக்குப் பழகிய கை காயையும் பருப்பையும் ஒன்றாகப் போடும். இதில் பருப்பு கூழாகியிருக்கும், கேரட் கடிக்க முடியாமல் இருக்கும். எனவே காயை முதலில் அரை வேக்காடு வைத்து, பிறகு பருப்பைச் சேருங்கள். புளி, தக்காளி இரண்டும் பருப்பு மலர்ந்த பிறகுதான். புளிப்புப் பட்டால் பருப்பு வேகத் தாமதமாகும். சாம்பாரின் மணம் நம் ஊர்ச் சாம்பார் மாதிரி வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரசத்துக்கும் கீரைக் கடையலுக்கும் இது நன்றாகப் பொருந்தும். சாம்பார்தான் வேண்டும் என்கிறவர்கள் பாதிக்குப் பாதி துவரம்பருப்பு கலந்துகொள்ளலாம்.

வாரத்துக்கு அரைக்கிலோ கொண்டைக்கடலையும் வாங்குங்கள், சுண்டலாக மத்தியான டப்பாவில் போகும். துருக்கிக் கடைகளில் இது பெரிய பையில் மலிவு. ராஜ்மா பிடிக்கும் என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை: ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் அரை வேக்காடாகச் செய்தால் அதிலுள்ள நச்சு போகாது. சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி எடுப்பீர்கள். டின்னில் வருவது வெந்தது, அதில் பயமில்லை.

குக்கரைப் பற்றியும் இங்கேயே. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஆகாது. போகும் முன் வீட்டுக்காரரிடம் அடுப்பின் படம் கேளுங்கள். அல்லது இண்டக்‌ஷன் அடி உள்ள மூன்று லிட்டர் குக்கராக வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் ஒரு காந்தம் ஒட்டிக்கொண்டால் வேலை செய்யும். வழவழப்பான கண்ணாடி மேல்தளம் கொண்ட சாதாரண மின்அடுப்பு என்றால் எந்தப் பாத்திரமும் ஆகும், அடி தட்டையாக இருந்தால் போதும். ஆனால் அதை அணைத்த பிறகும் சூடு நிற்கும். கேஸ் அடுப்பு நினைப்பில் கடைசி நிமிடம் வரை வைத்திருந்தால் பருப்பு அடிபிடிக்கும். ஐந்து நிமிடம் முன்பே அணைத்துவிடலாம், மின்கட்டணமும் மிச்சம்.

பெட்டி கட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. நெய், பால்கோவா, பன்னீர் எல்லாவற்றையும் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருட்களையும் இறைச்சிப் பொருட்களையும் கொண்டுவர அனுமதி இல்லை. சுங்கத்தில் பிடித்தால் குப்பையில் போடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் வழியில்லை. சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, பெருங்காயம், புளி, கடுகு, வெந்தயம் இவற்றுக்கு அந்த எடையைக் கொடுங்கள். அரிசிக்கும் பருப்புக்கும் எடை விரயம் செய்யாதீர்கள்.

காய்தான் இருப்பதிலேயே கஷ்டம். நாளைக்கு 400 கிராம் என்பது காகிதத்தில் எழுதும்போது சின்னதாக இருக்கிறது. மூன்று பேருக்கு வாரத்துக்கு எட்டு கிலோவுக்கு மேல் வருகிறது. முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் வாங்கி இதை நிரப்ப முயன்றால் காசு இரண்டே நாளில் தீரும். அந்த ஊரில் என்ன மலிவோ அதில் நம் சமையலைச் செய்ய வேண்டும். குளிர்காலத்தில் முட்டைக்கோஸும் கேரட்டும் கிலோ ஒரு யூரோ சுற்றுவட்டம். ஒரு முட்டைக்கோஸ் ஒன்றரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ இருக்கும். அதை மூன்றாகப் பிரியுங்கள்: முதல் நாள் பொரியல், மூன்றாம் நாள் பருப்பு போட்டுக் கூட்டு, மீதி சப்பாத்திக்குக் கேரட்டோடு வதக்கல். முட்டைக்கோஸ் ஒரு வாரம் வாடாது என்பது கூட்டு வீட்டில் பெரிய சௌகரியம்.

கீரைக்கு உறைந்த கீரை. உறைந்தது என்றதும் முகம் சுளிக்கிறார்கள், சத்து போயிருக்கும் என்று. பறித்தவுடன் வெந்நீரில் முக்கி எடுத்து உறைய வைப்பதால், நான்கு நாள் பெட்டியில் வாடிய கீரையைவிட இது நல்ல நிலையில் இருக்கும். ஆனால் பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து எடுக்க வேண்டும். 'பிளாட்ஷ்பினாட்' என்றால் வெறும் கீரை. 'ராம்ஷ்பினாட்' என்றால் கிரீம் கலந்தது, பருப்புக் கடையலில் போட்டால் பாயசம் மாதிரி ஆகிவிடும். நான் முதல் தடவை போட்டேன். மூன்று பேரும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

விலையைப் பார்ப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். பாக்கெட் விலையைப் பார்க்காதீர்கள். ஜெர்மனியில் அலமாரிச் சீட்டில் பெரிய எழுத்தில் பாக்கெட் விலையும், கீழே பொடி எழுத்தில் கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்பதும் போட வேண்டும் என்று சட்டம். 'க்ருண்ட்பிரைஸ்' என்பார்கள். அந்தப் பொடி எழுத்தை மட்டும் ஒப்பிடுங்கள். 'சலுகை' என்று சிவப்பில் எழுதிய சின்னப் பாக்கெட்டைவிடச் சாதாரணமான பெரிய பாக்கெட் பல சமயம் மலிவாக இருப்பது அப்போதுதான் தெரியும். தேதியிலும் இரண்டு வகை. ஓட்ஸ், தயிர், பருப்பு மாதிரியானவற்றில் இருப்பது 'இதுவரை தரம் நன்றாக இருக்கும்' என்ற தேதி. அது தாண்டினாலும் மோந்து பார்த்துச் சாப்பிடலாம். கொத்துக்கறி, பச்சைக் கோழி போன்றவற்றில் இருப்பது 'இதற்குள் சாப்பிட வேண்டும்' என்ற தேதி. அதைத் தாண்டினால் மோந்து பார்க்கவும் வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

பாலில் ஒரு கண்டுபிடிப்பு 'மாகர் க்வார்க்'. கொழுப்பெடுத்த பாலை உறையவைத்து வடித்த கெட்டித் தயிர் மாதிரி இருக்கும். நூறு கிராமில் 12 கிராம் புரதம். அரைக்கிலோ டப்பா ஒரு யூரோவுக்குக் கொஞ்சம் மேலே. அப்படியே தின்றால் மாவு மாதிரி ஒட்டும். கொஞ்சம் பால் விட்டுக் கடைந்து, உப்பு போட்டு, கடுகு தாளித்துக் கொட்டினால் தயிர்ப் பச்சடி. தயிர்சாதத்துக்குக் கடைத் தயிரே உறை. பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு ஸ்பூன் உறை ஊற்றி, விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் உறைந்திருக்கும். இட்லி மாவும் அதே ஓவனில்தான் பொங்கும்.

இனி ஒரு வாரத்துக் கணக்கு. மூன்று பேர், ஒருவர் சுத்த சைவம். 2025-ல் எங்கள் பக்கத்துக் கடைகளின் விலையைக் கிட்டத்தட்ட முழுதாக்கிச் சொல்கிறேன், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

மைசூர் பருப்பு ஒரு கிலோ, கொண்டைக்கடலை அரைக்கிலோ: 5 யூரோ.
முட்டைக்கோஸ் இரண்டு கிலோ, கேரட் இரண்டு கிலோ, வெங்காயம் ஒன்றரைக் கிலோ, உறைந்த கீரை இரண்டு பாக்கெட், உறைந்த பீன்ஸ் ஒரு பை, தக்காளி டின் மூன்று: 12 யூரோ.
பால் ஐந்து லிட்டர், க்வார்க் ஒரு டப்பா: 7 யூரோ. முட்டை பத்து: 2.50.
வாழைப்பழம், ஆப்பிள் தலா ஒரு கிலோ: 3.50.
உப்பில்லாத நிலக்கடலை முக்கால் கிலோ: 4 யூரோ.
அரிசி மூன்று கிலோ, ஓட்ஸ் ஒரு கிலோ, முழுக்கோதுமை மாவு ஒரு கிலோ: 7.50.
கடுகு எண்ணெய் இனத்தைச் சேர்ந்த 'ராப்ஸ்' எண்ணெய், டீத்தூள், மசாலா, உப்பு இவற்றின் வாரப் பங்கு: 6 யூரோ.

கூட்டினால் 47.50. ஆளுக்கு 16 யூரோவுக்குள். பல்கலைக்கழக உணவகமான மென்சாவில் வாரம் இரண்டு நாள் மத்தியானம் சாப்பிட ஏழு, எட்டு யூரோ சேர்த்தாலும் 24 தான். மாதத்துக்கு 105 யூரோ அளவில் நிற்கும். தம்பியின் 120-ல் இன்னும் மிச்சம். அதில் இரண்டு டோனர் தின்னட்டும், யார் வேண்டாம் என்றது?

புரதம் போதுமா என்று ஜிம்முக்குப் போகும் பையன்கள் கேட்பார்கள். பருப்பில் 17 கிராம், தானியத்தில் 21, பாலிலும் க்வார்க்கிலும் 11, கடலையில் 9, காய்களில் 6. முட்டையைக் கணக்கில் சேர்க்காமலே 64 வருகிறது. 65 கிலோ எடையுள்ளவருக்கு இந்திய அளவுப்படி நாளைக்கு 54 கிராம் தேவை. அரிசியில் குறைவாக உள்ள சத்து பருப்பிலும், பருப்பில் குறைவாக உள்ளது அரிசியிலும் இருப்பதால் இரண்டும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போனால் போதும். டப்பா டப்பாவாகப் புரதப்பொடி வாங்குவது வீண்.

பட்டியல் சரியாக இருந்தும் கூட்டுச் சமையல் உடைவது காசு விஷயத்தில். எங்கள் வீட்டில் பிஸ்கட் டின் ஒன்று வைத்தோம். திங்கட்கிழமை ஆளுக்கு 15 யூரோ போட வேண்டும். டின் காசில் சைவச் சாமான் மட்டும். முட்டையை நாங்கள் இருவரும் தனியாக வாங்கிக்கொண்டோம். கோழி வேண்டுமானால் சொந்தக் காசு, சொந்த வாணலி. சைவம் சாப்பிடுகிறவர் மற்றவர் கறிக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தால் மூன்றாவது வாரம் பேச்சு நின்றுபோகும், பார்த்திருக்கிறேன். விருந்தாளி வந்தால் அழைத்தவர் அரிசியும் பருப்பும் திருப்பி வைக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு ராத்திரி சமையல், ஞாயிற்றுக்கிழமை மூவரும் சேர்ந்து. ஞாயிறன்று ஜெர்மனியில் கடைகள் அடைப்பு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வாங்காவிட்டால் ஞாயிறு ராத்திரி டெலிவரி பீட்சாதான், 13 யூரோ.

ராத்திரி சமைக்கிறவர் மறுநாள் மத்தியான டப்பாவுக்கும் சேர்த்து உலை வைக்க வேண்டும். இதில்தான் சோறு விஷயத்தில் ஜாக்கிரதை. வேகும்போது சாகாத ஒரு வகைக் கிருமியின் விதை அரிசியில் உண்டு. சூடேற்றிய வீட்டில் மூடிப் போட்டு ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே சோற்றை விட்டால் அது முளைத்து நச்சு விடும். காலையில் எவ்வளவு சூடுபண்ணினாலும் அந்த நச்சு போகாது. பழையது சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதை நம்பக் கஷ்டம். நான் ஒரு தேர்வு நாள் காலையில் கழிவறையில் உட்கார்ந்து நம்பினேன். சாப்பிட்டு முடித்ததும் மீதிச் சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

தாளிப்புப் புகை பக்கத்து அறை ஜெர்மன் நண்பருக்கு மட்டுமில்லை, கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவிக்கும் ஆகாது. எண்ணெய் புகையும் வரை காயவிடாதீர்கள். ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள், வெடித்தால் போதும். மூடி கையில் தயாராக இருக்கட்டும், சமையலறைக் கதவு சாத்தியிருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். குளிரில் ஜன்னலா என்றால், ஆமாம், இரண்டு நிமிடம்தான்.

இந்தப் பட்டியலால் முடியாதவையும் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை ஜெர்மனி வெயில் தோலில் வைட்டமின் டி உண்டாக்கப் போதாது. சாப்பாட்டால் அதை நிரப்ப முடியாது. வெயில் கிடைக்காத காலத்துக்கு அங்கே சொல்லும் அளவு நாளைக்கு 20 மைக்ரோகிராம். மலிவு விலைக் கடையிலேயே மாத்திரை உண்டு. அதற்கு மேல் ஏற்றுவதென்றால் மருத்துவரைக் கேட்டு. பாலும் முட்டையும் தொடாதவர்கள் பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும், பருப்பில் அது இல்லை. இரும்புச்சத்துக்குப் பருப்பும் கீரையும் உதவும், ஆனால் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதில் நிறைய உடம்பில் சேராது. டீயை ஒரு மணி நேரம் தள்ளுங்கள், சாப்பாட்டில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வாயோரம் வெடித்து ஆறவே இல்லை, பாதம் மரத்துப்போகிறது என்றால் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்காமல் மருத்துவரிடம் போய் ரத்தம் பாருங்கள். மாதாமாதம் கட்டும் காப்பீடு அதற்குத்தான்.

தம்பி இரண்டாவது மாத ரசீதுகளை அவனாகவே கொண்டுவந்து மேஜையில் பரப்பினான். 112 யூரோ. டோனர் மூன்று. பருப்புக்கும் காய்க்கும் போனது இந்தத் தடவை 24. சிப்ஸ் இன்னும் இருந்தது, 6 யூரோவுக்கு. வீடியோவில் அவன் அம்மா வழக்கம்போல "என்னடா குழம்பு?" என்று கேட்டபோது போனை அடுப்புப் பக்கம் திருப்பினான். மைசூர் பருப்பில் கீரைக் கடையல், முட்டைக்கோஸ் பொரியல். "கீரை எங்கடா கெடைச்சுது?" என்றார் அம்மா. பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஐஸ்ல வச்ச கீரையா?" என்று கேட்டுவிட்டு, பூண்டு தட்டிப் போட்டாயா என்று விசாரிக்கத் தொடங்கினார்.